பிளக் பாயின்ட் ஏன் நம்மைப் பார்க்கிறது? பொய்முகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகத்தில் முகம் தெரிகிறதே, எனக்கு மட்டும்தானா?

இல்லை. பார்வை உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு உடனே தெரியும், இன்னொருவருக்கு விரலால் சுட்டிக் காட்டினால் தெரியும். இதற்குப் பரெய்டோலியா என்று பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். தமிழில் நிலைத்த சொல் எதுவும் இல்லாததால் இந்தப் பக்கத்தில் "பொய்முகம்" என்றே எழுதுகிறேன்.

இல்லாத ஒன்றைக் காண்பது இது இல்லை. மேகம் இருக்கிறது, அதில் இருட்டும் வெளிச்சமுமாகத் திட்டுகளும் இருக்கின்றன. அவற்றை மூளை முகம் என்று படிக்கிறது. படிக்கும்போதே "இது மேகம்" என்பதும் நமக்குத் தெரிகிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சாத்தியம் என்பதுதான் இதில் சுவாரசியமான இடம்.

பிளக் பாயின்ட்டில் வெறும் மூன்று ஓட்டைதானே இருக்கிறது, அது எப்படி முகமாகும்?

மூன்று போதும். ஆனால் எந்த மூன்றும் போதாது.

கையில் போன் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மேலே ஒரு பெரிய துளை, கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய துளை உள்ள பிளக் பாயின்ட்டைப் படம் எடுங்கள். நேராகப் பார்த்தால் அது பிளக் பாயின்ட், அவ்வளவுதான். இப்போது படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு கண், கீழே "ஓ" என்று பிளந்த வாய். துளைகள் மாறவில்லை, இடைவெளி மாறவில்லை, மாறியது மேல் கீழ் மட்டும். சில வகைப் பிளக் பாயின்ட்டில் தொடக்கத்திலேயே இரண்டு துளை மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். அவை சுவரில் மாட்டிய நாளிலிருந்தே நம்மைப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருக்கின்றன.

அதாவது மூளை முதலில் தேடுவது கண்ணையோ வாயையோ அல்ல. மேலே ஒரே மட்டத்தில் இரண்டு, கீழே நடுவில் ஒன்று, சுற்றிலும் ஓர் எல்லை என்ற அமைப்பைத்தான். உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்பது பிறகு வருகிற விஷயம். துளையோ திருகோ பொத்தானோ, எது அந்த இடத்தில் இருந்தாலும் சரி.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த மூன்றும் சுற்றியுள்ள பரப்பைவிடக் கருமையாக இருந்தால் முகம் சட்டென்று எழும். வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்து விழுவதால் மனித முகத்தில் கண்குழிகள் நெற்றியையும் கன்னத்தையும் விட இருண்டிருக்கும். தோல் நிறம் எதுவானாலும் இந்த உறவு பெரும்பாலும் மாறாது. வெள்ளைத் தகட்டில் கருந்துளை அதற்கு அப்படியே பொருந்துகிறது. அதே படத்தை போனில் நிறம் புரட்டி, கறுப்புத் தகட்டில் வெண்துளையாக மாற்றிப் பாருங்கள். முகத்தன்மை பாதி வடிந்துவிடும். பழைய போட்டோ நெகட்டிவில் தெரிந்தவர்களைக்கூட அடையாளம் காணத் திணறியதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சங்கதிதான்.

அப்படி ஏன் முகமாகவே தெரிகிறது? நாற்காலியாகவோ செருப்பாகவோ தெரியக்கூடாதா?

தெரியும். மேகத்தில் யானையும் கப்பலும் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் முகம்தான் அடிக்கடி, தேடாமலே வருகிறது.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தவறுகளின் விலை. இலைகளுக்கு நடுவே ஒரு முகம் இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் பெரிது. வெறும் இலையை முகம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால் நஷ்டம் அரை விநாடி. இப்படி இருக்கும்போது, சந்தேகம் வந்தாலே மணியடிக்கிற காவல்காரன்தான் லாபம். பொய்முகம் என்பது அந்தக் காவல்காரனின் வீண் மணி.

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதுதான், ஆனால் இது நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடியாத கதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோதிக்க முடிந்த பகுதி, அந்த மணி எப்போது, எங்கே அடிக்கிறது என்பது.

சரி, அந்த நேரத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

காதுக்குப் பின்பக்கமாக, மூளையின் அடிப்பரப்பில், கதிர் போல இருமுனையும் ஒடுங்கிய ஒரு மடிப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி மற்றப் பொருள்களைவிட முகங்களுக்கே அதிகம் துடிக்கிறது என்று நான்சி கான்விஷரும் அவருடைய சகாக்களும் 1997இல் எழுதினார்கள். ஃபியூசிஃபார்ம் முகப்பகுதி என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் வலப்பக்கம் வலுவாக இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டே, முகம் கண்ணில் பட்டுச் சுமார் 170 மில்லி விநாடியில் தலையின் பின்பக்க மின்முனைகள் வரையும் மின்னலைக் கோட்டில் ஒரு பள்ளம் தோன்றுவதை இன்னொரு குழு பதிவு செய்திருந்தது. என்-170 என்பது அதன் பெயர்.

பொய்முகத்துக்கும் இந்தத் துடிப்பு வருமா, வந்தால் எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி. பிறகு நிதானமாக யோசித்து "முகம் மாதிரி இருக்கே" என்று முடிவெடுக்கிறோம் என்றால் துடிப்பு தாமதமாக வர வேண்டும். 2009இல் நூஷின் ஹாஜிகானி குழு மூளையின் காந்தப்புலத்தை அளந்து பார்த்தது. முகம் போன்ற பொருள்களுக்கு அந்தப் பகுதி சுமார் 165 மில்லி விநாடியிலேயே விழித்துக்கொண்டது. யோசித்துச் சொல்ல அதற்குள் நேரமே இல்லை. ஆக "முகம்" என்பது நாம் பொருளின் மேல் பிறகு ஒட்டும் உவமை அல்ல, பார்வை தொடங்கும்போதே வந்துவிடுகிற ஒன்று.

2020இல் சூசன் வார்டில் குழு இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. பொய்முகம் உள்ள பொருள்களின் 32 படங்கள். அதே வகைப் பொருள்தான், ஆனால் முகம் தெரியாதவை 32. உண்மையான முகங்கள் 32. ஒவ்வொரு படத்துக்கும் மூளை காட்டிய காந்த வடிவத்தை மற்றவற்றோடு ஒப்பிட்டு, எது எதன் பக்கத்தில் சேர்கிறது என்று மில்லி விநாடி கணக்கில் பார்த்தார்கள். முதலில் பொய்முகங்கள் மனித முகங்களின் பக்கம் சாய்ந்தன. சுமார் கால் விநாடிக்குள் அந்தச் சாய்வு கரைந்து, அவை பொருள்களின் கூட்டத்துக்கே திரும்பிவிட்டன.

எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே பிடித்த இடம் இதுதான். பிழை நடக்கிறது, பிழை திருத்தப்படுகிறது, இரண்டும் நாம் கண்ணை முழுசாக ஒருமுறை சிமிட்டி முடிப்பதற்குள்.

கால் விநாடியில் திருத்திவிட்டால் முகம் மறைய வேண்டாமா? எனக்கு இன்னும் தெரிகிறதே?

"முகம்" என்பதில் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இங்கே முகம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. இன்னொன்று, இது யார், உயிருள்ளதா, நிஜமா என்று அறிவது. திருத்தப்படுவது இரண்டாவதின் தீர்ப்பு. "இது பை, ஆள் இல்லை" என்று முடிவாகிவிடுகிறது. முதல் வேலையைத் தூண்டிய அமைப்போ அங்கேயே இருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி மணியடிக்கும்.

ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும் மாயப்படத்தை அளவுகோல் வைத்து அளந்த பிறகும் அது நீளமாகவேதான் தெரியும். அறிவு கீழிறங்கி வந்து கண்ணைத் திருத்துவதில்லை. இங்கேயும் அதே கதை.

இரண்டும் தனித்தனி வேலை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

சி.கே. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு நோயாளியின் கதை இருக்கிறது. விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு அவருக்குப் பொருள்களைப் பார்த்து அடையாளம் காண முடியாமல் போனது. வாசிப்பும் சிரமம். ஆனால் முகங்களை மட்டும் நம்மைப் போலவே, பிசகில்லாமல் அடையாளம் கண்டார். அவரைப் பரிசோதித்த மாஸ்கோவிச் குழு 1997இல் விரிவாக எழுதியது.

16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆர்சிம்போல்டோ, காய்கனிகளை அடுக்கி மனிதத் தலை போல வரைந்தவர். அந்த ஓவியத்தைக் காட்டினால் நமக்கு முகமும் தெரியும், காய்களும் தெரியும். சி.கே.க்கு முகம் தெரிந்தது. அது எவற்றால் ஆனது என்பது தெரியவில்லை. நமக்குப் பொய்முகத்தைத் திருத்திக் கொடுக்கிற பொருள் அறிவு அவரிடம் இல்லை, முகம் மட்டும் தனியாக மிஞ்சி நின்றது.

அதே சி.கே.யிடம் முகப்படங்களைத் தலைகீழாகக் கொடுத்தபோது நம்மைவிட மிக மோசமாகத் தடுமாறினார். பிளக் பாயின்ட் படத்தைத் திருப்பியது நினைவிருக்கிறதா? நேரான முகத்துக்கு ஒரு சிறப்பு வழி இருக்கிறது. தலைகீழாக வந்தால் அந்த வழி கைகொடுக்காது, சாதாரணப் பொருளைப் பார்க்கும் வழியில் போயாக வேண்டும். அவருக்கு உடைந்திருந்தது அந்த இரண்டாம் வழிதான்.

எதிர்ப்பக்கமும் ஒரு சான்று உண்டு. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு, முகப்பகுதியில் சிறிய மின்தூண்டல் கொடுத்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியிலும் பந்திலும் கண்ணும் வாயும் முளைத்ததாகச் சொன்னார். 2017இல் வெளியான ஆய்வு அது. மணியைக் கையாலேயே அடித்துப் பார்த்த மாதிரி.

கார் முன்பக்கம் முகம் மாதிரி இருப்பது சரி. அது ஏன் கோபமாக இருக்கிறது?

முகம் என்று பதிவானதும் அதன் குணத்தைப் படிக்கிற வேலையும் கூடவே தொடங்கிவிடுகிறது. ஹெட்லைட் கண்ணாகிறது, கிரில் வாயாகிறது. பிறகு நாம் மனிதர்களிடம் பார்ப்பதையே காரிலும் பார்க்கிறோம். ஹெட்லைட் ஒடுங்கி, உள்முனை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் நெரித்த புருவம். வண்டி அகலமாக, தாழ்வாக, முன்கண்ணாடி குறுகலாக இருந்தால் பெரிய ஆள், முரடன். உருண்டையான பெரிய ஹெட்லைட்டும் உயர்ந்த முன்கண்ணாடியும் இருந்தால் பெரிய கண், பெரிய நெற்றி, அதாவது குழந்தை.

சோனியா விண்ட்ஹாகர் குழு 2008இல் ஆஸ்திரியாவில் ஆட்களை உட்காரவைத்து கார் முகங்களை மதிப்பிடச் சொன்னபோது கிடைத்த போக்கு இது. பிறகு எத்தியோப்பியாவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். கார் விளம்பரங்களில் ஊறாத இடத்திலும் மதிப்பீடுகள் பெரிதும் ஒத்துப்போயின.

பேப்பரில் ஒரு வட்டம், உள்ளே மூன்று புள்ளி போட்டால் அது உணர்ச்சியற்ற முகம். மேலே உள்ள இரண்டு புள்ளிகளுக்கு மேல் நடுவை நோக்கிச் சரியும் இரண்டு சின்னக் கோடு இழுங்கள், கோபம் வந்துவிடும். அதே கோடுகளை வெளிப்பக்கம் சரித்தால் பரிதாபம். அந்தச் சரிவைத்தான் ஹெட்லைட் செய்கிறது.

இந்த உணர்ச்சி சும்மா பேச்சுக்கு அல்ல என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. வரிசையாக முகங்களைப் பார்க்கும்போது ஒரு முகத்தின் சிரிப்பு அடுத்த முகத்தைப் பற்றிய நம் மதிப்பீட்டையும் கொஞ்சம் சிரிப்புப் பக்கம் இழுக்கும். டேவிட் அலைஸ் குழு 2021இல் காட்டியது, பொய்முகங்களுக்கு இடையிலும் இந்த இழுப்பு உண்டு, மனித முகத்திலிருந்து பொய்முகத்துக்கும் தாவும் என்பது. இரண்டுக்கும் தனித்தனி எந்திரம் இருந்தால் இப்படித் தாவாது.

பொய்முகம் எல்லாம் ஏன் ஆண் முகமாகவே தெரிகிறது?

உங்களுக்கு மட்டுமல்ல. 2022இல் வெளியான ஆய்வில் 3,800க்கும் மேற்பட்டவர்களிடம் 256 பொய்முகப் படங்கள் காட்டப்பட்டன. ஆண் என்ற பதில் பெண் என்பதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பார்த்தவர் ஆணா பெண்ணா என்பதால் மாறவில்லை. பொருளின் பெயரோ நிறமோ இதை விளக்கவில்லை. பெண் என்று சொல்ல ஏதாவது கூடுதல் அடையாளம் வேண்டும், இமை மயிரோ நீள முடியோ, அது இல்லாவிட்டால் ஆண் என்று மனம் நிரப்பிக்கொள்கிறது என்பது ஒரு கருத்து. இது பார்வையின் பிழையா சமூகத்தின் பழக்கமா என்றால், இரண்டாவதன் பங்கு பெரிது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறந்த குழந்தைக்கும் இது உண்டா?

பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தையின் முன்னால் முகம் வரைந்த அட்டையை மெல்ல நகர்த்தினால், உறுப்புகள் கலைத்துப் போட்ட அட்டையைவிட அதிக தூரம் கண்ணும் தலையும் பின்தொடரும். 1975இல் கண்டது, 1991இல் மார்க் ஜான்சன் குழு மறுபடி செய்து உறுதிப்படுத்தியது.

ஆனால் இதை வைத்துக் குழந்தைக்கு முகம் என்றால் என்னவென்று தெரியும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முகமே இல்லாத, மேல்பாதியில் அதிகப் புள்ளிகள் உள்ள எந்த வடிவத்தையும் அவை விரும்புகின்றன என்று காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. மேலே கனமான எதையும் பார் என்ற ஒரே ஒரு விதியோடு பிறந்தாலே போதும், உலகத்தில் அதற்குப் பொருந்தி எதிரே வருவது பெரும்பாலும் அம்மாவின் முகம்தான். மீதியைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும். இரு தரப்பும் இன்னும் வாதாடுகின்றன.

ரீசஸ் குரங்குகளும் பொய்முகத்தை வெறித்துப் பார்க்கின்றன, அதிலும் "கண்" "வாய்" இருக்கும் இடங்களை. 2017இல் ஜெசிகா டாபர்ட் குழு கண்ணசைவை அளந்து காட்டியது. ஆக, மொழியோ கதையோ இதற்குத் தேவையில்லை.

முகத்தை எதிர்பார்த்தால் இல்லாத இடத்திலும் தெரியுமா?

தெரியும். 2014இல் ஓர் ஆய்வில் டிவியில் சிக்னல் இல்லாதபோது வருமே, அதுபோன்ற வெறும் புள்ளிக்குவியலைக் காட்டி, பாதிப் படங்களில் முகம் ஒளிந்திருக்கிறது என்று பொய் சொன்னார்கள். ஒன்றுமே இல்லாத படங்களில் 34 சதவீதம் முறை முகம் தெரிந்ததாகப் பதில் வந்தது. எழுத்து ஒளிந்திருக்கிறது என்று சொன்னபோது எழுத்தும் தெரிந்தது, 38 சதவீதம். வலப்பக்க முகப்பகுதி மட்டும் "முகம் தெரிகிறது" என்ற பதிலோடு சேர்ந்து கூடுதலாகத் துடித்தது.

மேகமும் பிளக் பாயின்ட்டும் இங்கேதான் பிரிகின்றன. பிளக் பாயின்ட்டில் அமைப்பே வேலையைச் செய்துவிடுகிறது. மேகத்தில் அமைப்பு பலவீனம், எதிர்பார்ப்பு மீதியை நிரப்புகிறது. அதனால்தான் ஒருவர் "அதோ மூக்கு" என்று காட்டும்வரை உங்களுக்குத் தெரியாமல் இருந்துவிடலாம்.

செவ்வாய்க் கிரகத்தில் முகம் என்றார்களே, அது என்ன ஆயிற்று?

1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் சிடோனியா என்ற பகுதியைச் சுமார் 1,870 கிலோமீட்டர் தொலைவிலிருந்து படம் எடுத்தது. சூரியன் தாழ்வாக இருந்தது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள தட்டைமலை ஒன்றின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் முழு நிழல். மலையின் பள்ளங்கள் கண்ணும் வாயுமாகக் கருத்தன. நிழலில் மறைந்த பாதியை நம் மூளையே பூர்த்தி செய்துகொண்டது, பாதி இருட்டில் நிற்கும் ஆளைப் பார்க்கும்போது செய்வது போல.

படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 40 மீட்டருக்கு மேல். அப்படியென்றால் முழு முகமும் நாற்பது, ஐம்பது புள்ளிக்குள். தகவல் அனுப்புவதில் விடுபட்ட இடங்கள் கரும்புள்ளிகளாக விழுந்திருந்தன. அவற்றில் ஒன்று சரியாக மூக்குத்துளை இருக்க வேண்டிய இடத்தில். வெளியிடும்போதே நாசா, நிழலால் வந்த மாயத்தோற்றம் என்றுதான் குறிப்பு எழுதியது. யார் கேட்டார்கள்?

1998இலும் 2001இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் அதே மலையை மறுபடி படம் எடுத்தது. 2001 படத்தில் ஒரு புள்ளி சுமார் 1.6 மீட்டர். வெளிச்சக் கோணமும் வேறு. அங்கே இருந்தது அரிக்கப்பட்ட மலை, அவ்வளவுதான். ஒரு பொய்முகத்தைச் சோதிக்க வழியும் இதுவே: வெளிச்சத்தை மாற்று, கோணத்தை மாற்று, அருகில் போ. நிஜ முகம் இந்த மூன்றையும் தாங்கும், பொய்முகம் பெரும்பாலும் ஒன்றில் உடையும்.

எனக்கு எங்கே பார்த்தாலும் முகமாகத் தெரிகிறது. டாக்டரிடம் போக வேண்டுமா?

தெரிவது மட்டும் நோய் இல்லை. தெரிந்தவுடன் "அட, இது துணி" என்று உங்களுக்கே விளங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. விளங்கினால், உங்கள் காவல்காரன் கொஞ்சம் சுறுசுறுப்பானவன், அவ்வளவே.

லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதிநோயில் பொய்முகம் அதிகமாகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதையே சோதனையாக்கி, சாதாரணக் காட்சிப் படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கிறார்கள். அந்த நோய் உள்ளவர்கள் அல்சைமர் நோயாளிகளைவிட அதிகமாக, இல்லாத முகங்களையும் ஆட்களையும் சொல்கிறார்கள். வயதானவர் ஒருவர் திரைச்சீலையில் யாரோ நிற்பதாகச் சொல்லி, அருகில் கூட்டிப்போய்க் காட்டிய பிறகும் ஏற்க மறுத்தால், அதுவும் புதிதாகத் தொடங்கியிருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படுக்கைக்கு எதிரே அலமாரிக் கதவில் ஒரு முகம் தூங்கவிடாமல் முறைக்கிறது. எப்படிப் போக்குவது?

என் அறையிலும் ஒன்று இருந்தது. மரக்கட்டையின் இரண்டு கணுக்கள் கண், கீழே ஒரு வெடிப்பு வாய். இது மரம் என்று மனத்துக்குச் சொல்வதால் பயனில்லை, அதற்குக் காரணம் மேலேயே எழுதிவிட்டேன். அமைப்பைத்தான் கலைக்க வேண்டும். ஒரு "கண்"ணை மட்டும் மூடினால் எனக்குப் போதவில்லை, கண்ணடிக்கிற முகமாகிவிட்டது. வாயின் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன், மீதி இரண்டும் வெறும் கணுக்களாகிவிட்டன.